இரண்டு பக்கத்தில் மண்

சுருக்கி எழுதுவதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. புனேயில் சிவில் படித்த காலத்தில், பரீட்சை நெருங்கினால் வகுப்பில் என் நோட்டுக்கு அடிதடி நடக்கும். நானூறு பக்கப் புத்தகத்தை எட்டுப் பக்கத்துக்குள் மடக்கிவிடுவேன். எதை வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், எதை விடலாம் என்பது எனக்குத்தான் தெரியும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு செத்துப்போன ஒரு ஜூன் மாதத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் சிவாஜிநகர் பக்கம் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பாவுக்கு தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை என்பதால் வீடு அங்கே. காலையில் லோக்கல் பிடித்து வந்து இறங்கினால், நாள் முழுக்க அடுப்பில் காயும் மண் வாசனையும், அச்சில் மண்ணை இடிக்கும் சுத்தியல் சத்தமும்தான். ஐடி கம்பெனிகள் வந்து, ஊர் மேற்கே குன்றுகளை வெட்டிக்கொண்டு போன காலம் அது. எங்களுக்கு மூட்டை மூட்டையாக மண் வந்தது. அதோடு சைட் இன்ஜினியர்களின் ஃபோனும் வந்தது. லிக்விட் லிமிட் எழுபது என்றால் நல்லதா கெட்டதா, ரோலர் எத்தனை தடவை ஓட்டணும், பள்ளம் எவ்வளவு ஆழம் செங்குத்தா வெட்டலாம் என்று ஓயாமல் கேட்பார்கள். கூடத்தை நடத்திய மராட்டியரை நாங்கள் சார் என்போம். பேச்சைக் குறைத்து வேலையைப் பார் என்கிற ஜாதி. நான் சேர்ந்து எட்டாவது வருஷம், ஒருநாள் அவர் பொறுமை இழந்து என் மேஜைக்கு வந்தார்.

"இவங்களுக்கு ஒரே ஒரு தாள் எழுதிக் கொடு. முன்னாடி ஒரு பக்கம், பின்னாடி ஒரு பக்கம். அதுக்கு மேல எவனும் படிக்க மாட்டான்" என்றார் ஹிந்தியில்.

மண் இயந்திரவியலை இரண்டு பக்கத்தில் அடக்கு என்றால் வேறு யாராவது முழித்திருப்பார்கள். எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

முன்பக்கத்தில் மண்ணை அடையாளம் காட்டும் எண்களை வைத்தேன். எவ்வளவு ஈரம், எவ்வளவு கனம், சலித்தால் எவ்வளவு மணல், எவ்வளவு களி. பிறகு களிமண்ணின் இரண்டு எல்லைகள். கிண்ணத்தில் பூசி நடுவே கோடு கிழித்த மண், இருபத்தைந்து தட்டில் ஒன்றுசேர்ந்தால் அப்போதிருக்கும் ஈரம் லிக்விட் லிமிட். உள்ளங்கையால் உருட்டும்போது மூன்று மில்லிமீட்டர் திரியில் விரிசல் விட்டால் அந்த ஈரம் பிளாஸ்டிக் லிமிட். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் அதிகமாக இருந்தால் அந்த மண்ணிடம் ஜாக்கிரதை. இதை அப்படியே, ஜாக்கிரதை என்ற சொல்லோடு எழுதினேன்.

பின்பக்கத்தின் மேல் பாதி கெட்டிப்படுத்துவதற்கு. ஒரே அளவு அடி கொடுத்தாலும், ஈரம் குறைவாக இருந்தால் மண் சரியாகப் படியாது, அதிகமாக இருந்தால் தண்ணீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு ஈரத்தில்தான் மண் மிகவும் இறுகும். அந்த ஈரத்தைக் கூடத்தில் கண்டுபிடித்து, சைட்டில் அதே இறுக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது வந்ததா என்று சின்னக் குழி தோண்டி மணல் ஊற்றிப் பார்க்க வேண்டும். கீழ்ப் பாதி வலிமைக்கு. மண் வழுக்காமல் நிற்கும் வலிமை என்பது அதன் ஒட்டும் சக்தியும், அழுத்தத்தால் வரும் உராய்வும் சேர்ந்தது. ஒரே வரியில் சூத்திரம். அதன் கீழே சைட்காரர்கள் அதிகம் கேட்கும் கணக்கு: களிமண்ணைச் செங்குத்தாக எவ்வளவு உயரம் வெட்டினால் நிற்கும்? ஒட்டும் சக்தியை நான்கால் பெருக்கி மண்ணின் கனத்தால் வகுத்தால் வரும்.

சூத்திரம் மட்டும் போட்டால் சைட்டில் ஒருத்தரும் தொட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் உதாரணம் ஒன்று சேர்த்தேன். மேஜையில் கிடந்த ஃபைலைத் திறந்து, ஒரு கரிசல் மண்ணின் எண்களை எடுத்துப் போட்டேன். ஒட்டும் சக்தி சதுர மீட்டருக்கு ஆறு டன். கனம் கன மீட்டருக்கு ஒன்றே முக்கால் டன்னுக்குச் சற்று மேல், ஒன்று புள்ளி எட்டு. பதிமூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூட வந்தது. பத்திரத்துக்குப் பாதியாக்கி, ஆறரை மீட்டர் என்று எழுதினேன். உராய்வு கொஞ்சம் இருந்ததைக்கூடக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். அவ்வளவு கவனமானவளாம் நான்.

கடைசியில் பரிசோதனைப் பட்டியல். நான் பதினொன்று எழுதியிருந்தேன். சார் பார்த்துவிட்டு, "ஏழு. ஏழுக்கு மேல வேண்டாம்" என்றார். நான்கை அடித்தேன். அந்த நான்கில் ஒன்று, மண்ணை இறுக்கிய பிறகு நான்கு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு வலிமையை அளப்பது. அதற்கு நாள் பிடிக்கும், மண்ணை அனுப்புகிற எந்தக் கட்சிக்காரரும் காத்திருக்க மாட்டார், எப்படியும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்து அடித்தேன். அடித்த கோடு நேராக இருந்தது. அதுகூட ஞாபகம் இருக்கிறது.

தாளை பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்துப் பிரதி எடுத்தோம். மே மாதம் முழுக்க ஃபோன் தொல்லை இல்லை. சார் ஒரு தடவை "சாங்கலா ஆஹே" என்றார். நல்லா இருக்கு என்று அவர் வாயிலிருந்து வருவது அமாவாசையில் நிலா வருகிற மாதிரி.

ஜூன் இரண்டாவது வாரம் மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. நான்காவது நாள் காலை பத்து மணிக்கு ஒரு ஃபோன். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன், படித்து முடித்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும், மேற்கே ஒரு குன்றடியில் அடுக்குமாடி கட்டும் சைட்டில் இன்ஜினியர். தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என்னை முதல் நாளிலிருந்தே அக்கா என்பான்.

"அக்கா, உங்க தாளு சூப்பருங்க்கா. சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன். ஒண்ணு மட்டும் கேக்கணுங்க்கா. நான் அஞ்சு மீட்டர்தான் நேரா வெட்டியிருக்கேன். ஆறரை வரைக்கும் போலாம்னு போட்டிருக்கீங்கல்ல? இன்னும் ஒரு மீட்டர் கீழ எறக்கிக்கட்டுங்களா?"

"என்னத்த வெட்டியிருக்கே? எந்த மண்ணு?"

"நம்ம ஃபில்லுதானுங்க்கா, கொட்டி ஒசத்துன மேடு. கரிசல போட்டு ரோலர் ஓட்டுனோமல்லங்க. தொண்ணூத்தேழு பர்சென்ட் வந்துச்சு, நீங்கதான டெஸ்ட் பண்ணிக் குடுத்தீங்க. அந்த மேட்டோட ஓரத்த வெட்டி, கீழ தாங்கு சுவத்துக்குக் கம்பி கட்டிட்டு இருக்கோம். உங்க உதாரணத்துல இருக்கறதும் எங்க மண்ணுதானுங்க்கா, நம்பரப் பாத்தவுடனே தெரிஞ்சுது."

எனக்கு முதலில் வந்தது பெருமைதான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அப்புறம் ஜன்னல் வழியாக மழை தெரிந்தது.

"ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லி ஃபோனை மேஜையில் வைத்துவிட்டு ஃபைலைத் தேடி எடுத்தேன். அந்த மண்ணின் வலிமைத் தாளில், என் கையெழுத்திலேயே, 'இறுக்கிய ஈரத்திலேயே சோதித்தது, ஊறவைக்கவில்லை' என்று இருந்தது. ஆறு டன் என்பது நனையாத மண்ணின் ஆறு டன். பாதி ஈரத்தில் இருக்கும் களி, தனக்குள்ளிருக்கும் கொஞ்சத் தண்ணீரால் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். முழுக்க நனைந்தால் அந்தப் பிடி போய்விடும். இது எனக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதியிருக்கிறேன். முன்பொரு சைட்டின் கரிசல் ஊறிய பிறகு மூன்றில் ஒரு பங்கு ஆனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றில் ஒரு பங்கு என்றால் இரண்டு டன். கால்குலேட்டர் தேவைப்படவில்லை. நாலரை மீட்டருக்கும் குறைவு. அவன் வெட்டியது ஐந்து.

ஃபோனைத் திரும்ப எடுத்தேன்.

"கீழ எத்தனை பேர் இருக்காங்க?"

"பன்னெண்டு பேருங்க்கா. ஏனுங்க?"

"எல்லாரையும் மேல ஏத்து. இப்பவே. அந்த நம்பர் நனையாத மண்ணுக்கு. மழைல அது நிக்காது."

அவன் குரல் மாறி, "தாளுல அப்படி எதுவும் போடலீங்களே அக்கா" என்றான்.

போடவில்லை. "நான் தப்பா எழுதிட்டேன், ஏத்து" என்றேன். நாளைக்கு கான்கிரீட் வண்டி வருகிறது, முகாதம் கேட்க மாட்டார், நீங்களே வந்து சொன்னால்தான் நடக்கும் என்றான். முகாதம் என்றால் கூலியாட்களின் மேஸ்திரி. சாருக்கு ஃபோன் அடித்தேன். மும்பையில் ஏதோ கூட்டத்தில் இருந்தார், மொபைல் அணைந்திருந்தது. அவர் எடுத்திருந்தால், கட்சிக்காரரிடம் நம் தாள் தப்பு என்று சொல்லாதே, முதலில் டெஸ்ட் செய்துவிட்டுப் பேசு என்று சொல்லியிருப்பார். எடுக்காதது நல்லதாகப் போயிற்று என்று அன்றைக்குத் தோன்றவில்லை. தனியாக மாட்டிக்கொண்டேன் என்றுதான் தோன்றியது.

ஆட்டோ பிடித்தேன். முக்கால் மணி நேரம். யூனிவர்சிட்டி சர்க்கிளில் வண்டிகள் அப்படியே நின்றன. வைப்பர் இல்லாத கண்ணாடியை ஆட்டோக்காரர் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினார். மழை வலுக்கும் ஒவ்வொரு முறையும் வாட்சைப் பார்த்தேன். என்னை யாராவது திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. ஒரு கட்டத்தில், இப்போதே விழுந்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே, விழுந்திருந்தால் அந்தத் தாளில் என் பெயர் இருக்கிறதா என்ற நினைப்பும் வந்தது. இல்லை, கூடத்தின் பெயர் மட்டும்தான். அப்படி யோசித்த என் மூஞ்சியை நானே பார்க்க விரும்பவில்லை.

சைட்டில் இறங்கியதும் நேராக மேட்டின் மேலே போனேன். மேலே ஓரடிக்கு முரூம் சரளை, அதனால் பார்க்க உறுதியாக இருந்தது. விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, விளிம்புக்கு இணையாக ஒரு விரிசல் ஓடியது. என் சுண்டுவிரல் நுழையும். மழைத்தண்ணீர் அதற்குள் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு போனாலும் நிரம்பவில்லை. கீழே எட்டிப் பார்த்தேன். நீலத் தார்ப்பாய் கட்டி, அதன் அடியில் குந்தி உட்கார்ந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேர் பெண்கள். ஒருத்தி சிரித்து ஏதோ சொன்னாள், மற்றவள் கம்பித் துண்டை அவள் மேல் எறிந்தாள். அவர்களுக்கும் அந்தக் கறுப்புச் சுவருக்கும் நடுவே ஒரு கை இடைவெளிதான்.

நான் கத்தினேன். மழையில் யாருக்கும் கேட்கவில்லை. பையன் ஓடி வந்து என் கையைப் பிடித்து விளிம்பிலிருந்து இழுத்தான். "அக்கா, அங்க நிக்காதீங்க!" என்னை இழுத்தவனுக்குக் கீழே இருப்பவர்களை ஏற்ற முடியவில்லை.

முகாதம் ஐம்பது வயது ஆள். மரியாதையாகவே பேசினார். சைட் ஆபீஸ் சுவரிலிருந்து என் தாளை உரித்து எடுத்து வந்திருந்தார். எழுதப் படிக்க அவ்வளவாக வராது என்றாலும் எண்கள் தெரியும். ஆறரை என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"மேடம், யே கௌன் லிக்கா?" யார் எழுதியது என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன் ஹிந்தியில்.

"அப்புறம் என்ன? ஆறரைன்னு இருக்கு. நாங்க வெட்டுனது அஞ்சு. காகஜ் சரியா, நீங்க இப்ப சொல்றது சரியா?"

சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பில்டரின் ஆள் ஒருவரும் குடையோடு நின்று மொபைலில் யாருக்கோ விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு வருஷ வேலை, சாரின் பெயர், அந்த ஒரு 'சாங்கலா ஆஹே', எல்லாம் அந்த ஒரு பதிலில் தொங்கின. பயத்தில் எனக்குப் பேச்சுக் குழறும். அன்றைக்கும் குழறியது.

"காகஜ் கலத் ஹை" என்றேன். தாள் தப்பு. "என்னோட தப்பு. மண்ணு நனைஞ்சா இந்த நம்பர் கிடையாது. அதை நான் எழுதாம விட்டுட்டேன்."

பையில் இருந்த பேனாவால் அந்தக் கட்டத்தை அடிக்கப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையில் மை பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. முகாதம் அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பள்ளத்தின் வாய்க்குப் போய், இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். பன்னிரண்டு பேரும் மரப்படியில் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். நான் எண்ணினேன். பதினொன்று வரை வந்து நின்றது. சிரித்த பெண் செருப்பை விட்டுவிட்டாளாம், திரும்பிப் போயிருந்தாள். அவள் தலை மேலே தெரிந்த பிறகுதான் பன்னிரண்டு என்றேன்.

சுவர் விழவில்லை. சாயங்காலம் வரை நின்றேன், விழவில்லை. குடைக்காரர், "ஒரு நாள் வேலை போச்சு, மேடம்" என்று எனக்குக் கேட்கும்படி மூன்று தடவை சொன்னார். வெட்கங்கெட்டு ஒன்று சொல்கிறேன்: விழுந்து தொலையேன் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். விழுந்தால் நான் சொன்னது சரியாகும். அது நின்றால் நான் இரண்டு முறை தப்பு.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு விழுந்தது. சரியாக வேலை மும்முரமாக நடக்க வேண்டிய நேரம். பதினைந்து மீட்டர் நீளம், விரிசலின் கோட்டோடு பிய்ந்து, கம்பிக் கூட்டின் மேல் உட்கார்ந்துவிட்டதாம். "கம்பி எல்லாம் நெளிஞ்சு கெடக்குதுங்க்கா" என்று பையன் ஃபோனில் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. கூடத்தின் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

முந்தின நாள் சைட்டிலிருந்து திரும்பியதுமே அந்த மண்ணை இறுக்கி ஊறப்போட்டிருந்தேன். நான்கு நாள் கழித்து எடுத்துச் சோதித்தோம். இரண்டு டன்னை விடக் கொஞ்சம் கீழே. சார் அந்த எண்ணைப் பார்த்தார், பட்டியலில் ஏழு போதும் என்று சொன்னது அவர்தான் என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. "புதுத் தாள் எழுது" என்றார். எழுதினேன். பரிசோதனை எட்டு ஆயிற்று. உதாரணத்தில் இரண்டு எண்கள் வைத்தேன், நனையாதது, நனைந்தது. மேட்டுக் கரிசலை மழைக்காலத்தில் செங்குத்தாக வெட்டாதே என்று கொட்டை எழுத்தில் போட்டேன். பழைய பத்துப் பிரதிகளையும் ஆள் அனுப்பித் திரும்ப வாங்கி, எண்ணி, நானே கத்தரித்துப் போட்டேன். பத்தும் வந்துவிட்டன. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து, வேறு கம்பெனிக்காக சோலாப்பூர் ரோடு பக்கம் ஒரு சைட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஆகஸ்ட் மாதம், காலையிலிருந்து தூறல். தகர ஆபீஸில் டீ கொடுத்தார்கள். கிளாஸை வாயில் வைத்தபோது சுவரில் ஒரு தாள் கண்ணில் பட்டது. ஜெராக்ஸின் ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்தெல்லாம் பொரிந்துபோயிருந்தது. ஓரத்தில் யாரோ மராட்டியில் விளக்கம்கூட எழுதியிருந்தார்கள். கூடத்தின் பெயர் இருந்த மேல் பகுதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ஏழு பரிசோதனைகள். ஒட்டும் சக்தி ஆறு. ஆறரை மீட்டர் என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள்.

அங்கிருந்த இன்ஜினியர் சின்னப் பெண். என் பார்வையைப் பார்த்துவிட்டு, "ரொம்ப யூஸ்ஃபுல் மேடம். ரெண்டே பக்கத்துல எல்லாம் இருக்கு. எல்லா சைட்லயும் இதைத்தான் வெச்சிருக்காங்க" என்றாள் ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே.

கிளாஸை மேஜையில் வைத்தேன். யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே மழை கொஞ்சம் வலுத்திருந்தது.

"பள்ளத்துல இப்ப எத்தனை பேர் இருக்காங்க?" என்றுதான் கேட்டேன்.